பஸ்தியாம்பிள்ளையும் ஒரு துண்டு வெள்ளைத் துணியும்

பல்லேகலையில் இருக்கும் எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் பஸ்தியாம்பிள்ளையைத் தெரியாதவர்கள்தான் அதிகம். எழுநூறு பேர் வேலை செய்யும் இடத்தில் கூரைமேல் நிற்கும் ஒரு மனிதரை யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? தைக்கும் மண்டபம் குளிராக இருக்கும்வரை அவர் பெயர் யாருக்கும் வேண்டியதில்லை. சூடாகிவிட்டால் மட்டும், "எங்கே அந்த ஆள்?" என்று தேடுவார்கள்.

எனக்கு அவரைத் தெரியும். நான் ரபீகா, ஸ்டோர் கிளார்க். வத்தேகமையில் புறப்படும் தொழிற்சாலை வான் மடவளைப் பள்ளிவாசலடியில் என்னை ஏற்றும்போது, பின் சீற்றின் மூலையில் அவர் ஏற்கெனவே ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மனைவி பாலம்மா. பஸ்தியாம்பிள்ளை ஐந்தடி பத்தங்குலம், வானின் கூரையோ தாழ்வு. பத்தொன்பது வருடமாகத் தலையைச் சற்றுக் குனிந்தபடியே வேலைக்குப் போய், குனிந்தபடியே திரும்பி வருகிறார். இறங்கி நடக்கும்போதும் அந்தக் குனிவு நிமிராது. நான் கேலியாகக் கேட்டால், "எதுக்கு நிமிரணும் தங்கச்சி, திரும்பச் சாயங்காலம் குனியத்தானே வேணும்" என்பார்.

ஐம்பத்து நான்கு வயது. தோட்டத்தில் பிறந்து, வத்தேகமைக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, ஒரு தடவை கட்டாருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து, அந்தப் பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் குத்தப்படாமல் காலாவதியாகி அலுமாரியில் கிடக்கிறது. வேறு வேலை தேடவும் இனி வழியில்லை. குளிரூட்டி இயந்திரம் ஓட்டப் பழகிய கைக்குக் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை இடம் இருக்கிறது? இந்த ஒரு கூரையை விட்டால் அவருக்கு வீட்டுக் கூரைதான்.

எங்கள் தொழிற்சாலையில் தண்டனைக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் கடிதம் எச்சரிக்கை. இரண்டாவது கடிதம் கடும் எச்சரிக்கை. மூன்றாவது கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலால் போக வேண்டியதுதான். பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு கடிதம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, கோவில் வழிபாட்டுக்கென்று கால் மணி நேரம் முன்னதாகப் போனார். அந்தக் கால் மணியில்தான் ஒரு பம்ப் காய்ந்து ஓடிப் பழுதாக வேண்டும் என்று அவர் தலையில் எழுதியிருந்தது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடிய பம்ப் அது.

அவருடைய வேலையை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. தைக்கும் மண்டபத்துச் சூட்டைக் குளிரூட்டி இயந்திரம் இழுத்துத் தண்ணீரில் கொட்டும். அந்தச் சூடான தண்ணீர் கூரையில் நிற்கும் கூலிங் டவருக்கு ஏறும். அங்கே மேலிருந்து தூவி விழும்போது காற்று அதற்குள் புகுந்து போகும். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சம் குளிர்ந்து கீழே இறங்கித் திரும்ப இயந்திரத்துக்கு வரும். பகல் இரண்டு மணிக்கு அவர் நாலு எண்ணைக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைப்பார். டவருக்குள் போகும் தண்ணீரின் வெப்பம், வெளியே வரும் தண்ணீரின் வெப்பம், செக்கனுக்கு எத்தனை லீட்டர் ஓடுகிறது என்ற அளவு, கடைசியாக அவர் 'ஈரபல்பு' என்று சொல்லும் ஒன்று.

ஈரபல்பு என்றால் பெரிய சங்கதி இல்லை. கூரையில் ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே தொங்கும். மற்றதன் குமிழில் ஒரு துணித் திரி சுற்றி, அதன் வால் ஒரு சின்னப் போத்தல் தண்ணீரில் கிடக்கும். துணி நனைந்து காயக் காயக் குமிழ் குளிரும், வெறும் வெப்பமானியைவிடக் குறைவாகக் காட்டும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்கு இறங்கும். அந்த எண்தான் டவருக்கு அடித்தளம். எப்பேர்ப்பட்ட டவரானாலும் தண்ணீரை அதற்குக் கீழே குளிர வைக்க முடியாது.

ஒரு தடவை வானில் நான் கேட்டதற்கு அவர் விரலால் சீற்றில் கோடு போட்டுக் காட்டினார்.

"தண்ணி எவ்வளவு இறங்கிச்சு, அது ரேஞ்ச். இறங்கி ஈரபல்புக்கு எவ்வளவு கிட்டப் போச்சு, அது அப்ரோச். மொதலாவது சூட்டைப் பத்திப் பேசும். ரெண்டாவதுதான் டவரைப் பத்திப் பேசும்."

நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு அது ஒரு காதால் வந்து மறு காதால் போன பேச்சு.

ஜனவரி கடைசியில் டவரின் உள்ளே தேன்கூடு போல அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் கட்டுகளை மாற்றினார்கள். கொழும்பிலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்து மூன்றே நாளில் முடித்துவிட்டுப் போனார். ஆட்கள் இடைஞ்சல் என்று மரப்பெட்டியைக் கழற்றி வைத்ததில் பழைய திரி பிய்ந்து போனது. பெப்ரவரி முதலாம் திகதி பஸ்தியாம்பிள்ளை ஸ்டோருக்கு வந்தார். ஒரு விரலளவு பருத்தித் துணி கேட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் ஓடுவதற்கும் மழைக்கும் போடுகிற விளையாட்டு உடுப்புத்தான் தைக்கிறோம். துணி மலை மலையாகக் குவிந்திருக்கும். அதில் பருத்தி ஒரு முழம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்றைக்குப் பார்த்து எனக்கு மூன்று லொறி சாமான் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் வெட்டுத் துண்டு ஒன்று கிடந்தது. வெள்ளை, பூப்போல மென்மை. எடுத்து நீட்டினேன்.

"காட்டன்தானே, தங்கச்சி?" என்று கேட்டார்.

"காட்டன்தான், கொண்டு போங்க" என்றேன்.

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓரத்தில் ஒட்டியிருந்த இலக்கம் சொல்லியிருக்கும்: மழைச்சட்டைத் துணி. தண்ணீர் பட்டால் உருண்டு ஓடட்டும் என்றே செய்த துணி. துணிக் குவியலுக்குள் இருந்துகொண்டு துணி தெரியாதவள் நான். வெட்டுத் துண்டுதானே என்று புத்தகத்திலும் பதியவில்லை.

அந்தத் துண்டு போத்தலில் வாலை விட்டபடி குமிழைச் சுற்றிக் கிடந்தது. தண்ணீர் ஒரு அங்குலம்கூட மேலே ஏறவில்லை. ஈரபல்பு என்ற பெயரில் ஒரு காய்ந்த பல்பு இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் கீற்றுக்குள்ளால் எட்டிப் பார்ப்பவருக்குப் போத்தலில் தண்ணீர் தெரியும், துணி தெரியும். வேறென்ன வேண்டும்?

ஜனவரியில் அவர் எழுதியது இது: உள்ளே முப்பத்திரண்டு, வெளியே இருபத்தேழு, ஈரபல்பு இருபத்திரண்டு. ரேஞ்ச் ஐந்து, அப்ரோச் ஐந்து. மார்ச்சில் எழுதியது: உள்ளே முப்பத்தாறு, வெளியே முப்பத்தொன்று, ஈரபல்பு இருபத்தெட்டு. ரேஞ்ச் அதே ஐந்து, அப்ரோச் மூன்று. அப்ரோச் எவ்வளவு சிறிதோ டவர் அவ்வளவு திறம். அவருக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, பாவம். புதுக் கட்டுகள் நன்றாக வேலை செய்வதாக என்னிடமே சொன்னார். தண்ணீர் நாலு பாகை சூடாகிவிட்டதே என்றால், வெயில் காலம், காற்றே அப்படி என்று கொப்பி பதில் சொன்னது. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஏப்ரலில் குளிரூட்டி இயந்திரம் ஒரே கிழமையில் நாலு தடவை தானாக நின்றது. அழுத்தம் கூடினால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மண்டபத்தில் முப்பத்து நாலு பாகை. பாலம்மா உடுப்பு மடிக்கும் பகுதியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகள் பிந்தின. யாராவது ஒருவர் காரணமாக வேண்டும் அல்லவா? ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கொப்பியைப் புரட்டிவிட்டுச் சிரித்தாராம். ரேஞ்ச் ஐந்து அப்படியே இருக்கிறது, அப்ரோச் ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது, காற்றின் ஈரபல்பு ஆறு பாகை ஏறியும் என் டவர் தண்ணீரை நாலு பாகைக்கு மேல் ஏற விடவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டாராம். கீழே பஸ்தியாம்பிள்ளையின் கையொப்பம்.

டவர் நல்லது என்றால் பழுது இயந்திரத்தில். இயந்திரத்தின் குழாய்களுக்குள் உப்புப் படிந்திருக்க வேண்டும். குழாய்களை ஜனவரியில் கழுவ வேண்டியவர் பஸ்தியாம்பிள்ளை. கழுவினார்தான், கூட நின்ற உதவியாள் இப்போது வேலையில் இல்லை. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறக்க இரண்டு நாள் இயந்திரத்தை நிறுத்த வேண்டும், கப்பல் காத்திருக்கிறது, முடியாது என்றார்கள். வேலையைச் செய்யாமல் செய்ததாக எழுதினாரா என்று திங்கட்கிழமை விசாரணை வைத்தார்கள். நம்பிக்கை மோசடி என்று முடிந்தால் இரண்டாவது கடிதத்தைத் தாண்டி நேரே மூன்றாவதுக்குப் போகலாம் என்று வானில் பேச்சு அடிபட்டது. பாலம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்தியாம்பிள்ளை மட்டும் முன் சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரம், ஸ்டோருக்குள் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஒரு தரம் மேல வந்துட்டுப் போங்க தங்கச்சி" என்றார்.

இரும்பு ஏணியில் ஏறினேன். கூரையில் நெருப்பு வெயில். தூரத்தில் ஹுன்னஸ்கிரி மலை, கீழே வாசலில் எங்கள் வான். கம்பியில் முகம் துடைக்கும் கைலேஞ்சி ஒன்று தொங்கியது. சோற்றுப் பார்சலைத் திறக்குமுன் அதைக் கழுவிக் காயப் போட்டாராம், சாப்பிட்டு முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டதாம். அது தினமும் நடப்பதுதான். இன்றைக்குத்தான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாராம்.

"வெறும் வெப்பமானி இருபத்தொம்பது, ஈரபல்பு இருபத்தெட்டுன்னா காத்துல தண்ணி நெறஞ்சு கெடக்குன்னு அர்த்தம். மழை நாள் மாதிரி. அப்படின்னா இந்தக் கைலேஞ்சி எப்படிக் காயுது?"

பெட்டியைத் திறந்து காட்டினார். துணியைத் தொட்டேன். காய்ந்த சுள்ளி. போத்தல் தண்ணீரை இரண்டு துளி அதன்மேல் விட்டார். துளிகள் இரண்டும் முத்து மாதிரி உருண்டு அவர் சப்பாத்தில் விழுந்தன. 

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பெனியனின் கீழ் விளிம்பைப் பல்லால் கடித்துக் கிழித்தார். அந்த நாடாவை நனைத்துக் குமிழில் சுற்றி, வாலைப் போத்தலில் விட்டு, கொப்பியின் அட்டையால் விசிறினார். இருபத்தேழு. இருபத்தைந்து. இருபத்து நாலில் கொஞ்சம் நின்றது. பிறகு இருபத்திரண்டரைக்கு வந்து அசையாமல் நின்றது. முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டரையைக் கழித்துப் பாருங்கள். அப்ரோச் மூன்றல்ல, எட்டரை.

டவர்தான் பழுது என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் வந்தது. அவர் கீழே குந்திவிட்டார்.

"டவர் பழுதுன்னு காட்டணும்னா, இந்தக் கொப்பி பொய்யின்னு சொல்லணும். ஞாயிறும் புத்தாண்டு லீவும் போக அறுவத்தாறு நாள். அறுவத்தாறு கையெழுத்து. கொப்பி சரின்னா நான் கொழாய் கழுவல. கொழாய் கழுவினேன்னா கொப்பி பொய். எந்தப் பக்கம் போனாலும் சுவருதான்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்தியண்ணே, துணி தந்தது நான், திங்கட்கிழமை நானே சொல்கிறேன் என்று. சொல்லவில்லை. என்னுடையது ஆறுமாத ஒப்பந்த வேலை. மே நடுவில் புதுப்பிக்கும் நாள். எனக்கு மூன்று கடிதமெல்லாம் தேவையில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். அந்தக் கணக்கு என் தலைக்குள் அவ்வளவு வேகமாக ஓடியது. வெயில் சுடுகிறது என்று சொல்லி ஏணியால் இறங்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர். பொறியியல் மேலாளர் மக்கீன் சேர், அக்குறணைக்காரர், நியாயமான மனிதர்தான். ஆனால் எழுத்தில் இல்லாததை நம்பமாட்டார். பக்கத்தில் ஆளணி அதிகாரி துஷானி, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு. எதிரே அந்த ஒப்பந்தக்காரர், மடிப்புக் கலையாத சட்டையோடு. ஜனவரியில் குழாய் கழுவும் தூரிகைகள் வழங்கப்பட்டனவா என்று பார்க்க என்னைப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தூரிகை வழங்கியிருந்தது. வாங்கியதற்கு அது சாட்சி, கழுவியதற்கு அல்ல என்றார் ஒப்பந்தக்காரர்.  ஒரு மூலையில் கதிரை போட்டு என்னை இருக்கச் சொன்னார்கள்.

பஸ்தியாம்பிள்ளை எழுந்து நின்றார். அறையிலும் குனிந்துதான் நின்றார்.

"சேர், ஓட்டம் செக்கனுக்கு முப்பது லீட்டர். ரேஞ்ச் அஞ்சு. பெருக்கினா நூத்தம்பது. அதைத் தண்ணிக்குரிய நாலு தசம் ரெண்டால பெருக்கினா அறுநூத்தி முப்பது கிலோவாட். ஜனவரியிலயும் அதுதான், இன்னைக்கும் அதுதான். மண்டபத்துல அதே லைட், அதே மெசின், அதே ஆளுங்க. சூடு கூடவுமில்ல, கொறையவுமில்ல."

அதைத்தான் நானும் சொல்கிறேன், டவர் முழுச் சூட்டையும் வெளியே தள்ளுகிறது என்றார் ஒப்பந்தக்காரர்.

"பழுதான டவரும் தள்ளும் சேர். மொதல்ல தள்ள முடியாத சூடு தண்ணியிலயே தங்கிச் சேரும். சேரச் சேரத் தண்ணி சூடேறும். சூடேறினதுக்கப்புறம் அதே அறுநூத்தி முப்பதத் தள்ளும். அதனால ரேஞ்சப் பாத்து டவர் நல்லதுன்னு சொல்ல ஏலாது. அப்ரோச்சத்தான் பாக்கணும்."

மக்கீன் சேர் கொப்பியைத் தட்டிக் காட்டினார். அப்ரோச் மூன்று என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பஸ்தியாம்பிள்ளை ஒரு மூச்சு விட்டார்.

"நான் எழுதினது பிழை சேர். மேல வந்து பாருங்க."

துஷானியின் பேனை ஒரு கணம் நின்று, திரும்ப ஓடியது. எல்லோரும் ஏறினோம். அதே மழைச்சட்டைத் துணி, அதே இருபத்தெட்டு. பிறகு பெனியன் நாடா. இறங்கி இறங்கி இருபத்திரண்டரை. மக்கீன் சேர் தானே பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு டவரின் மேல்மூடியைத் திறக்கச் சொன்னார். ஒரு பக்கத்தில் கட்டுகள் சுவர்வரை போகாமல் ஒரு சாண் இடைவெளி. அந்த வழியால் தண்ணீர் தூவாமல் கயிறு கயிறாக நேரே கீழே விழுந்தது. காற்றுக்கும் அந்தச் சந்து இலேசாகப் போக, கட்டுகளுக்குள் தண்ணீரோடு மல்லுக்கட்டுவானேன் என்று அதுவும் அதற்குள்ளாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தன் ஆட்களைத் திட்ட ஆரம்பித்தார்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். கீழே வந்து உட்கார்ந்ததும் மக்கீன் சேர் அந்தத் துணித் துண்டை மேசையில் வைத்தார்.

"இது எங்கெருந்து வந்த?" என்று கேட்டார். "ஸ்டோர்ல குடுத்ததா? ரபீகா, ஒங்கட புத்தகத்தில ஈக்கா?"

 வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். வார்த்தை வெளியே வரும் முன்பே அவர் குரல் வந்துவிட்டது.

"ஸ்டோர்ல இல்ல சேர். வெட்டுக் கழிவுப் பெட்டியிலருந்து நானே எடுத்தேன். யாரையும் கேக்கல."

துஷானி நிமிர்ந்து பார்த்தாள். கழிவுப் பெட்டியில் கைவைப்பது எங்கள் இடத்தில் தனிக் குற்றம்; வாசலில் பையைச் சோதிப்பதே அதற்காகத்தான். அது அவருக்குத் தெரியாமலா? தெரிந்துதான் சொன்னார். துஷானி அதை எழுதி, தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். படித்துப் பார்த்துக் கையொப்பம் வைத்தார். கொப்பியில் வைக்கிற அதே கையொப்பம். நான் புத்தகத்தை மடியில் அணைத்துக்கொண்டு மூடிய வாயோடு இருந்தேன்.

குழாய் விஷயத்தில் குற்றமில்லை. அனுமதியில்லாமல் கழிவுத் துணி எடுத்ததற்கும், சரிபார்க்காமல் அறுபத்தாறு நாள் பிழையான அளவு பதிந்ததற்கும் சேர்த்து ஒரு கடிதம். இரண்டாவது. ஒப்பந்தக்காரர் வந்து இடைவெளியை அடைத்துக்கொடுத்தார். தண்ணீர் இருபத்தேழுக்கு இறங்கியது, அப்ரோச் நாலரை. இயந்திரம் அதன் பிறகு நிற்கவே இல்லை. மண்டபத்தில் இருபத்தாறு பாகை. மடிக்கும் பகுதிப் பெண்கள் குளிர்கிறது என்று மேல்சட்டை போட ஆரம்பித்தார்கள். எழுநூறு பேரின் சூடும் கூரையால் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் புதுச் சட்டம் வந்தது. மணிக்கொரு தடவை அளவெடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கையொப்பம், சாப்பாட்டுக்கும் கீழே இறங்கக்கூடாது. முன்பு பகலில் அரை மணி நேரம் பாலம்மாவோடு கன்ரீனில் உட்காருவார். இப்போது பாலம்மா கன்ரீனில் தனியாகச் சாப்பிடுகிறார்.

மே நடுவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்தத் தடவை இரண்டு வருடம். அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கே கூரைக்கு ஏறினேன். இனி எனக்குப் பயமில்லை, மக்கீன் சேரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், உங்கள் இரண்டாவது கடிதத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன் என்றேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! பயம் போன பிறகு வருகிற தைரியம்.

அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டுத்தான் திரும்பினார். அவரிடம் நான் ஒருநாளும் கண்டிராத கோபம் அந்த முகத்தில்.

"அந்த அறுவத்தாறும் தெரியாம எழுதின பொய் தங்கச்சி. அதுக்கு ரெண்டாவது கடிதம் தந்தாங்க, வாங்கிக்கிட்டேன். விசாரணையில தெரிஞ்சே ஒரு பொய் சொல்லி அதுக்குக் கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன். நீங்க இப்ப உண்மையச் சொன்னா அந்தக் கையெழுத்து வெளிய வரும். அதோட மூணாவது கடிதமும் வரும். சொல்றதாயிருந்தா அன்னைக்கு, நான் வாயத் தொறக்க முந்தி சொல்லியிருக்கணும். இனிச் சொல்லக் கூடாது. ஒருநாளும் சொல்லக் கூடாது."

 நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. மணியைப் பார்த்துவிட்டு அடுத்த அளவுக்குப் பெட்டியைத் திறந்தார்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் திரி மாற்றுவது விதி. அவருக்கென்றே கண்டி நகரத்துக் கடையில் வாங்கிய பருத்தித் துணி என் மேசை லாச்சியில் இருக்கிறது. விரலளவு வெட்டுவேன், புத்தகத்தில் பதிவேன்: வெள்ளைப் பருத்தி, ஒரு துண்டு. அதற்கு மட்டும் அவர் ஏணியால் இறங்கி வந்து மேசைக்கு முன் குனிந்து நிற்பார்.

"காட்டன்தானே, தங்கச்சி?"

"காட்டன்தான், பஸ்தியண்ணே."

அவர் தலையாட்டுவார். பிறகு நான் குடிக்க வைத்திருக்கும் தண்ணீர்க் கிளாஸை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, துணியின் ஒரு நுனியை அதில் விட்டு, மறு நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். தண்ணீர் நூல் நூலாக ஏறி அவர் விரலை நனைத்த பிறகுதான் கையொப்பம் வைப்பார்.